அறுவடைப் பணத்துக்கு ஏற்ற சேமிப்புக் கணக்கு எது?

கேள்வி: ஐயா, நாங்கள் முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிறோம். காலபோக நெல்லை விற்று, உழவு, உரம், வெட்டு மெசின் கூலி எல்லாம் கொடுத்த பிறகு மாசிக் கடைசியில் 10 இலட்சம் அளவில் கையில் நிற்கும். அது வீட்டுச் செலவு, சிறுபோகம், பிள்ளைகளின் படிப்பு என்று அடுத்த விதைப்பு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எடுபடும். இப்போது கணக்கு உள்ள வங்கி 3 சதவீத வட்டி தருகிறது; கட்டணம் வெட்டுவதில்லை. இன்னொரு வங்கி '5 சதவீதம் வரை' என்கிறது. மூன்றாவது வங்கியில் ஸ்வீப் என்று ஒரு வசதி இருக்கிறதாம். கூடுதல் பணம் தானாகவே நிலையான வைப்புக்குப் போகுமாம், அப்பும் நல்லதாம். ஒரு சோடி காப்பு 1 இலட்சத்துக்கு அடகில் இருக்கிறது. எந்த வங்கிக்குப் போவது?
– வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வங்கியைத் தெரிவு செய்வதற்கு முன்னர் காப்பை மீட்டுவிடுங்கள். அடகு வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1 இலட்சத்துக்கு மாதம் 1,000 ரூபா போகிறது. அதே 1 இலட்சம் உங்கள் இப்போதைய சேமிப்புக் கணக்கில் கிடந்து மாதம் 250 ரூபா உழைக்கிறது. இந்த இடைவெளியை எந்த வங்கியின் எந்தச் சேமிப்புத் திட்டமும் ஈடு செய்யாது. உங்கள் அடகுச் சீட்டில் உள்ள வீதம் இதைவிடச் சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கலாம், ஆனால் முடிவு மாறாது. எனவே கீழே வரும் கணக்குகளை எல்லாம் காப்பு வீட்டுக்கு வந்த பிறகு மீதமாக நிற்கும் 900,000 ரூபாவை வைத்தே செய்திருக்கிறேன்.

மாதச் சம்பளக்காரரின் கணக்கில் மீதி ஏறத்தாழ ஒரே மட்டத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். உங்கள் கணக்கிலோ மார்ச் மாதத்தில் ஒரேயடியாக உயர்ந்து, ஒக்டோபரில் விதைப்புக்கு நிலம் பண்படுத்தும்போது அடிமட்டத்துக்கு வந்துவிடும். விளம்பரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வட்டி வீதத்தை இந்த இறங்குவரிசையின் மேல் வைத்துப் பார்த்தால்தான் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்பது தெரியவரும். ஆகவே உங்கள் செலவு முறையைக் கொண்டு ஒரு மாதிரி வரிசையை எடுத்துக்கொள்கிறேன்: மார்ச்சில் 900,000, ஏப்ரலில் 750,000, மே மாதத்தில் 600,000, ஜூனில் 500,000, ஜூலையில் 450,000, ஓகஸ்டில் 400,000, செப்டெம்பரில் 300,000, ஒக்டோபரில் 100,000. உங்கள் வங்கிப் புத்தகத்தில் சென்ற ஆண்டு மாத மீதிகள் இருக்கும். அவற்றை இந்த இலக்கங்களுக்குப் பதிலாகப் போட்டு நீங்களே மீண்டும் கணக்கிடலாம். இந்த எட்டு மீதிகளையும் கூட்டினால் 4,000,000 வருகிறது. அதை ஆண்டு வட்டி வீதத்தால் பெருக்கி 12 ஆல் வகுத்தால் முழுக் காலத்துக்குமான வட்டி கிடைக்கும். வங்கிகள் பொதுவாக நாள் மீதியின் மேல் கணக்கிட்டு மாத முடிவில் வட்டியை வரவு வைக்கும். நான் எளிமைக்காக மாதக் கணக்காகச் செய்திருக்கிறேன், வட்டிக்கு வட்டியையும் விட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தில் உள்ள 3, 5 ஆகிய இரண்டையும் தவிர்ந்த ஏனைய வீதங்களும் கட்டணங்களும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. கிளையில் கேட்டு உண்மையான இலக்கங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் இப்போதைய வங்கியின் கணக்கு நேரானது. 4,000,000 ஐ 3 சதவீதத்தால் பெருக்கி 12 ஆல் வகுக்க 10,000 ரூபா வரும். கட்டணம் எதுவும் இல்லை என்றால் 10,000 உம் உங்களுடையது. மற்ற இரண்டு வங்கிகளையும் இந்த இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

'5 சதவீதம் வரை' என்பதில் 'வரை' என்ற சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. இப்படியான கணக்குகளில் மீதியைப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு வீதம் தருவார்கள். உதாரணமாக முதல் 100,000 ரூபாவுக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 500,000 வரையான பகுதிக்கு 3 சதவீதம், 500,000 ஐத் தாண்டும் பகுதிக்கு 5 சதவீதம் என்று இருக்கலாம். இங்கே கேட்டு அறிய வேண்டியது ஒன்று உண்டு: மீதி 500,000 ஐத் தாண்டியதும் முழுப் பணத்துக்கும் 5 சதவீதம் கிடைக்குமா, அல்லது தாண்டிய பகுதிக்கு மட்டும்தானா? விளம்பரத் துண்டில் இது பெரும்பாலும் தெளிவாக இருக்காது.

தாண்டிய பகுதிக்கு மட்டும் என்றால், உங்கள் வரிசையில் மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களில் மட்டுமே 5 சதவீதம் எட்டிப் பார்க்கும். அதுவும் முறையே 400,000, 250,000, 100,000 ரூபாவுக்கு மட்டும். அதனால் கிடைப்பது 3,125 ரூபா. நடுப் படியிலிருந்து 6,125 உம், முதற் படியிலிருந்து 1,333 உம் சேர்ந்து மொத்தம் 10,583 ரூபா ஆகிறது. அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 600, குறுஞ்செய்தி அறிவித்தலுக்கு மாதம் 30 என்று அந்த வங்கி வெட்டினால் 960 கழிந்து 9,623 ரூபாதான் கையில் நிற்கும். பெரிய எழுத்தில் 5 சதவீதம் போட்டிருக்கும் கணக்கு, கட்டணமில்லாத உங்கள் 3 சதவீதக் கணக்கைவிடக் குறைவாகத் தந்திருக்கிறது. முழுப் பணத்துக்கும் உயர்ந்த வீதம் என்றாலோ, அதே படிகளில் வட்டி 13,667 ரூபாவாகி, கட்டணம் போக 12,707 மிஞ்சும். விளம்பரம் ஒன்றாக இருந்தாலும் கையில் வரும் பணத்தில் 3,000 ரூபாவுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

இதைக் கண்டறிவதற்கு நல்ல வழி, கிளையில் இருப்பவரிடம் 600,000 ரூபா மீதிக்கு ஒரு மாத வட்டியை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்பதுதான். அவர் 2,500 ரூபா அளவில் எழுதினால் முழுப் பணத்துக்கும் 5 சதவீதம் என்று பொருள். 1,583 அளவில் எழுதினால் படிப்படியாகவே தருகிறார்கள். அதே நேரத்தில், வட்டி நாள் மீதியின் மேலா, அல்லது மாதத்தின் மிகக் குறைந்த மீதியின் மேலா என்றும் கேளுங்கள். சில சிறப்புக் கணக்குகளில் மேலதிக வட்டிக்கு மிகக் குறைந்த மீதியையே எடுப்பார்கள். மாதத்தில் குறித்த தடவைகளுக்கு மேல் பணம் எடுத்தால் அந்த மேலதிக வட்டியே இல்லாமல் போவதும் உண்டு. நெல்லுக்கான பணம் மார்ச் 10 ஆந் திகதி வந்தால், 9 ஆந் திகதி வரை கணக்கில் கிடந்த சில ஆயிரம் ரூபாதான் அந்த மாதத்தின் மிகக் குறைந்த மீதியாகக் கொள்ளப்படும். உங்கள் பணம் மிகப் பெரிதாக இருக்கும் மாதத்துக்கே மேலதிக வட்டி கிடைக்காமல் போய்விடும். வயல் செய்பவர்களுக்கு இந்த வகைக் கணக்குப் பொருந்தாது என்றே நான் சொல்வேன்.

இனி ஸ்வீப். சேமிப்புக் கணக்கில் ஓர் எல்லைத் தொகையை வைத்துவிட்டு, அதற்கு மேலே உள்ளதை வங்கியே குறித்த அளவுத் துண்டுகளாக நிலையான வைப்புக்கு மாற்றும். சேமிப்பில் பணம் போதாமல் வந்தால் ஒரு துண்டை உடைத்துத் திருப்பி வைக்கும். எல்லை 200,000, துண்டு 100,000, வைப்புக் காலம் மூன்று மாதம், வைப்புக்கு வட்டி 6.5 சதவீதம், சேமிப்புக்கு 2.5 சதவீதம், இடையில் உடைத்தால் அந்தத் துண்டுக்குச் சேமிப்பு வீதம் மட்டுமே என்று எடுத்துக்கொள்வோம்.

மார்ச் தொடக்கத்தில் 200,000 சேமிப்பில் நிற்க, ஏழு துண்டுகள் வைப்புக்குப் போகும். ஏப்ரலில் நீங்கள் எடுக்கும் 150,000 சேமிப்பிலிருந்தே வந்துவிடும். மே மாதத்தில் இன்னும் 150,000 தேவைப்படும்போது சேமிப்பில் 50,000 தான் இருக்கும். ஆகவே ஒரு துண்டு உடையும், இரண்டு மாதம் கிடந்த அந்த 100,000 ரூபாவுக்கு 6.5 சதவீதத்துக்குப் பதில் 2.5 சதவீதமே கிடைக்கும். ஜூன் தொடக்கத்தில் மற்ற ஆறு துண்டுகளும் முதிர்ந்து 9,750 ரூபா வட்டியோடு திரும்பும்; உங்கள் செலவு போக மூன்று துண்டுகள் மீண்டும் வைப்புக்குப் போய் ஓகஸ்ட் முடிவில் 4,875 ரூபா வட்டி தரும். செப்டெம்பரில் ஒரு துண்டு போகும். அது ஒக்டோபர் முடிவில் விதைப்புச் செலவுக்காக உடையும். உடைந்த இரண்டு துண்டுகளுக்கும் சேமிப்பில் கிடந்த பணத்துக்குமான வட்டியைக் கூட்டினால் எட்டு மாதத்துக்கு மொத்தம் 17,333 ரூபா வரும். உங்கள் இப்போதைய வங்கியின் 10,000 ரூபாவைவிட இது 7,333 கூடுதல். ஸ்வீப் வசதியைப் பற்றிச் சொன்னவர்கள் மிகைப்படுத்தவில்லை.

ஆனால் அந்தக் கூடுதல் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். அது நிலையான வைப்பின் வட்டியிலிருந்து வந்தது. தானாக மாற்றுவது என்ற வேலைக்குத் தனியாக வட்டி ஏதும் இல்லை. நிலையான வைப்பு உங்கள் இப்போதைய வங்கியிலும் இருக்கிறது. உங்கள் செலவு எந்த மாதத்தில் வரும் என்று ஓரளவுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், அந்த மாற்றும் வேலையை நீங்களே மார்ச் மாதத்தில் ஒரே நாளில் செய்துவிடலாம்.

காப்பை மீட்ட கையோடு 300,000 ரூபாவை ஆறு மாத வைப்பிலும், 200,000 ரூபாவை மூன்று மாத வைப்பிலும் போட்டு, மிகுதி 400,000 ஐச் சேமிப்பில் விடுங்கள். ஆறு மாதத்துக்கு 7 சதவீதம், மூன்று மாதத்துக்கு 6.5 சதவீதம் என்று கொண்டால், முதல் வைப்பு செப்டெம்பர் தொடக்கத்தில் 10,500 ரூபா வட்டியோடும், இரண்டாவது ஜூன் தொடக்கத்தில் 3,250 ரூபா வட்டியோடும் திரும்பும். சேமிப்பில் நின்ற பணம் 3 சதவீதத்தில் 4,000 ரூபா தரும். கூட்டுத்தொகை 17,750 ரூபா. எந்த மாதத்திலும் சேமிப்பில் 100,000 ரூபாவுக்குக் குறையாமல் கைக்கெட்டும் பணமும் இருக்கும். ஸ்வீப் கணக்கைவிடச் சில நூறு ரூபா கூடுதலாக வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு: எந்தத் துண்டும் இடையில் உடையவில்லை, 300,000 ரூபா நீண்ட காலத்துக்கான உயர்ந்த வீதத்தைப் பெற்றது. சில நூறு ரூபாவை ஒரு பெரிய வெற்றியாக நான் சொல்லவில்லை. புதிய வங்கிக்குப் போகாமலேயே அதே பலனை அடையலாம் என்பதுதான் இதில் உள்ள செய்தி. போடும்போது, முதிர்ந்தவுடன் பணத்தைச் சேமிப்புக் கணக்குக்கு வரவு வைக்கும்படி வைப்புப் படிவத்தில் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் பெரும்பாலும் அதே காலத்துக்குத் தானாகப் புதுப்பித்துவிடுவார்கள், செப்டெம்பரில் தேவைப்படும் பணம் அடுத்த மார்ச் வரை பூட்டப்பட்டுவிடும்.

மழை முந்தியோ பிந்தியோ வந்து, அல்லது வீட்டில் ஒரு நோய் வந்து வைப்பில் உள்ள பணம் முன்னதாகத் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். வைப்பை உடைப்பது ஒரு வழி. வைப்பைப் பிணையாக வைத்து அதே வங்கியில் கடன் எடுப்பது இன்னொரு வழி. கடனுக்கு வைப்பு வட்டியைவிடச் சற்றுக் கூடிய வட்டி இருக்கும், ஆனால் அந்த இடைவெளியைக் கடன் நிற்கும் நாள்களுக்கு மட்டும் கட்டினால் போதும். முதிர்வுக்கு இரண்டு மூன்று கிழமைகளே இருக்கும்போது கடன் மலிவாக முடியும். வைப்புப் போட்டு ஒரு மாதமே ஆகியிருந்தால் உடைப்பதே மலிவு, ஏனெனில் இழக்கும் வட்டி சிறிது. 300,000 ரூபாவை ஒரே சான்றிதழாகப் போடாமல் 100,000 வீதம் மூன்று வைப்புகளாகப் போட்டால், உடைக்க நேர்ந்தாலும் ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

ஸ்வீப் யாருக்கு உண்மையில் பயன்படும் என்றும் சொல்லிவிடுகிறேன். கடை வைத்திருப்பவர், லொறி ஓட்டுபவர், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் முன்னறிவிப்பின்றிப் பணம் அனுப்பும் குடும்பம் ஆகியோருக்குப் பணம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. தானாக மாற்றும் வசதி அவர்களுக்கு வேலை செய்யும். உங்கள் வீட்டு நிலையும் அப்படி மாறினால் மூன்றாவது வங்கிக்குப் போவதில் தவறில்லை. போனால் எல்லைத் தொகை, துண்டின் அளவு, உடைக்கும் விதி ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லை 500,000 என்று இருந்தால் ஜூனுக்குப் பிறகு உங்கள் பணத்தில் ஒரு ரூபாவும் வைப்புக்குப் போகாது. பழைய துண்டை முதலில் உடைப்பார்களா, கடைசியாகப் போட்டதை உடைப்பார்களா என்பதும் முக்கியம். கடைசியாகப் போட்டதை உடைத்தால்தான் இழப்புக் குறையும். இன்னொன்று, கணக்குத் திறந்தவுடன் ஸ்வீப் தானாகத் தொடங்கிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. தனியான ஒரு படிவத்தில் கையொப்பம் கேட்கும் வங்கியில் அதைப் போடாமல் விட்டால், முழுப் பணமும் 2.5 சதவீதத்திலேயே கிடந்து எட்டு மாதத்தில் 8,333 ரூபாதான் தரும். அது நீங்கள் விட்டு வந்த வங்கி தருவதைவிடக் குறைவு. பணம் போட்ட ஒரு கிழமைக்குள் கணக்குக் கூற்றை எடுத்து, சேமிப்பு மீதி எல்லைத் தொகைக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் ஸ்வீப் நடக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அப்பைப் பொறுத்தவரை, படங்களும் நிறங்களும் எப்படியிருந்தாலும், அது உங்களுக்குக் கிளைக்குப் போகும் பயணத்தை மிச்சப்படுத்துகிறதா என்று மட்டும் பாருங்கள். முத்தையன்கட்டிலிருந்து முல்லைத்தீவுக்கோ மாங்குளத்துக்கோ பேருந்தில் போய் வரிசையில் நின்று திரும்ப ஒரு பகல் போய்விடும். அந்த ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் மேலே பார்த்த சில நூறு ரூபா வித்தியாசத்தை விழுங்கிவிடும். எனவே உங்கள் இப்போதைய வங்கியின் அப்பில் நிலையான வைப்பைத் திறக்கவும், முதிர்ந்த பணத்தைச் சேமிப்புக்கு எடுக்கவும் முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். முடியும் என்றால் மூன்றாவது வங்கி உங்களுக்குத் தருவதாகச் சொன்ன வசதியின் பெரும்பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அடுத்ததாக, வேறு வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்ப முடிகிறதா, ஒரு நாளில் எவ்வளவு வரை அனுப்பலாம் என்று கேளுங்கள். உரக் கடைக்காரருக்கும் மெசின்காரருக்கும் நேரே கணக்குக்கு அனுப்பினால் ஏ.ரி.எம். தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் வங்கியின் ஏ.ரி.எம். அருகில் இல்லாமல் வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் வெட்டப்படும். தடவைக்கு 30 ரூபா என்று வைத்து மாதம் மூன்று தடவை எடுத்தால் எட்டு மாதத்தில் 720 ரூபா போகும்.

கைத்தொலைபேசிச் சமிக்ஞை வீட்டில் சரியாகக் கிடைக்கிறதா என்பதையும் மறக்க வேண்டாம். அப்பின் கடவுக்குறியீடு குறுஞ்செய்தியாக வரும். காட்டோரத்தில் சமிக்ஞை வந்து வந்து போகும் இடத்தில் அது பிந்தி வந்தால் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். வங்கியில் பதிந்த இலக்கம் நீங்கள் கையில் வைத்திருக்கும் சிம்மின் இலக்கமாக, உங்கள் ஊரில் நன்றாக எடுபடும் சேவையின் இலக்கமாக இருக்கட்டும். மகனின் தொலைபேசியில் அப்பைப் போட்டு அவரையே எல்லாவற்றையும் பார்க்க விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அப்படியானாலும் பணம் எடுபடும் குறுஞ்செய்தி கணக்குக்காரரின் தொலைபேசிக்கே வர வேண்டும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கடவுக்குறியீட்டைக் கேட்பவர் யாராக இருந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

வட்டியில் வெட்டப்படும் வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது மேலே சொன்ன கட்டணங்கள் எல்லாவற்றையும்விடப் பெரியது. 2025 ஏப்ரல் 1 ஆந் திகதி தொடக்கம் வட்டி வருமானத்தின் மேல் 10 சதவீத நிறுத்திவைத்தல் வரி அறவிடப்படுகிறது. 17,750 ரூபா வட்டியில் அது 1,775 ரூபா. ஆண்டுக்கான மொத்த வருமானம் 1,800,000 ரூபாவைத் தாண்டாதவர், அதைக் குறிப்பிட்டு வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் கொடுத்தால் இந்த வரி வெட்டப்படாது. மொத்த வருமானம் என்பதில் வயல் வருமானம், வட்டி, வேறு உழைப்பு எல்லாம் அடங்கும். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வருமானமே பார்க்கப்படும். வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் படிவத்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வங்கிகளில் பணம் இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். முதல் வட்டி வரவில் வரி வெட்டப்பட்டிருந்தால் உடனே கிளையில் விசாரியுங்கள்.

பணத்தின் பாதுகாப்பு ஒரு பந்தியில் முடிந்துவிடும். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,100,000 ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. சேமிப்பும் நிலையான வைப்பும் சேர்த்தே இந்த எல்லை. உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் இருக்கிறது. கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் ஊருக்குள்ளேயே இருப்பது வசதிதான், ஆனால் அவை இந்தக் காப்புறுதிக்குள் வருவதில்லை; அங்கே கூடிய வட்டி கிடைத்தாலும் ஆண்டுச் செலவுப் பணம் முழுவதையும் அங்கே வைக்கும்படி நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே, உங்கள் வங்கியை இந்த ஆண்டு மாற்ற வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இரண்டு வைப்புகளையும் பிரகடனப் படிவத்தையும் ஒரே பயணத்தில் முடித்து, அப்பிலும் அன்றே பதிந்துகொள்ளுங்கள். கட்டணம் எதுவும் இல்லை என்று நீங்கள் சொல்வதையும் ஒரு தடவை உறுதி செய்யுங்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரை உங்கள் கணக்கு ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். குறைந்தபட்ச மீதிக்குக் கீழே போனால் மாதந்தோறும் வெட்டும் கட்டணம் அப்போதுதான் தலைகாட்டும். 2023 ஆம் ஆண்டின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி கணக்கின் முக்கிய விபரங்களை வங்கி உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். அதைத் தமிழில் கேளுங்கள். சொன்னதற்கு மாறாகக் கட்டணம் வெட்டினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

பின்னொரு காலத்தில் வங்கியை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், பழைய கணக்கை அன்றே மூடிவிடாதீர்கள். உர மானியப் பணம் கமநல சேவை நிலையத்தில் பதிந்துள்ள கணக்குக்கே வரும். அங்கே புதிய கணக்கு இலக்கத்தைக் கொடுத்து, அடுத்த போக மானியம் புதிய கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகு பழையதை மூடுங்கள். மூடாமல் வெறுமனே விட்டுவிடவும் வேண்டாம். கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கைச் சில காலத்தில் செயலற்றதாக்குவார்கள்; 10 ஆண்டுகள் அப்படியே கிடந்தால் அந்தப் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படும். இடப்பெயர்வோடு புத்தகம் தொலைந்து, கணக்கு இருந்ததையே மறந்துவிட்ட குடும்பங்கள் வன்னியில் பல உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பழைய கணக்கு இருந்தால், வைப்புப் போடப் போகும் அதே நாளில் அடையாள அட்டையோடு அந்த வங்கியிலும் விசாரித்துவிட்டு வாருங்கள். மத்திய வங்கிக்குப் போன பணத்தையும் அந்த வங்கி ஊடாகவே கோரலாம்.